வகுப்பாசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம்: பல்கலைக்கழக உதவித்தொகைக்கு முழு வழிகாட்டி

உதவித்தொகைக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டால், பல நேரங்களில் கிடைப்பது போனஃபைட் சான்றிதழ் அல்லது நன்னடத்தைச் சான்றிதழ். போனஃபைட், ‘இவர் எங்கள் பள்ளியில் படிக்கிறார்’ என்கிறது. மற்றொன்று, ‘நடத்தை நன்று’ என்கிறது. வகுப்பில் இருக்கும் 46 பேருக்கும் இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். உதவித்தொகைக் குழு கேட்பது வேறு. மதிப்பெண் பட்டியலிலும் வருமானச் சான்றிதழிலும் இல்லாத எதை, இந்த மாணவரைப் பற்றி இந்த ஆசிரியர் மட்டும் பார்த்திருக்கிறார்? கடிதம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், முதல் பட்டதாரி சலுகை போன்ற அரசுத் திட்டங்கள் ஆவணங்களின் பேரில் கிடைப்பவை. அவற்றுக்கு இப்படி ஒரு கடிதம் தேவையில்லை. இங்கே பேசுவது, விண்ணப்பம், கட்டுரை, நேர்காணல் என்று ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழக உதவித்தொகைகளைப் பற்றி.

எப்போது கேட்பது, எப்போது மறுப்பது

பிளஸ் டூ ஆண்டில் ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமிருப்பது அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு வரைதான். அதன்பின் திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, அது முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் பணி. ஏப்ரலில் முகாமில் இருக்கும் ஆசிரியரிடம் ‘நாளைக்கு கடைசித் தேதி மிஸ்’ என்று போனில் கேட்டால், போன வருடக் கடிதத்தில் பெயரை மாற்றிக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அப்படிப் பெயர் மாற்றிய கடிதத்தில், முதல் பத்தியில் மாணவியாக இருப்பவர் மூன்றாம் பத்தியில் மாணவனாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கேட்க வேண்டும்.

கேட்டவுடன் ஆசிரியர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிள்ளை செய்த ஏதாவது ஒரு காரியத்தை, இடம், நாளோடு என்னால் சொல்ல முடியுமா? முடியவில்லை என்றால் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. ‘உன்னை எனக்கு அட்டெண்டன்ஸ் அளவில்தான்மா தெரியும். மேத்ஸ் சார் ரெண்டு வருஷமா பாடம் எடுக்கிறார், அவர்கிட்ட கேளு, நான் அவரிடம் பேசுகிறேன்’ என்று சொல்வது மறுப்பாகத் தெரிந்தாலும் பிள்ளைக்கு உதவிதான். விண்ணப்பத்தில் வகுப்பாசிரியர்தான் எழுத வேண்டும் என்று தெளிவாக இருந்தால் மட்டும், மற்ற ஆசிரியர்களிடம் கேட்டறிந்து, ‘கணித ஆசிரியர் சொன்னது’ என்று குறிப்பிட்டே எழுதலாம்.

‘நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்’ என்பது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். இதனால் பாதிக்கப்படுவது மாணவர்தான். அவருடைய விண்ணப்பக் கட்டுரையும் பரிந்துரைக் கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பது, இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு மூன்றாவது வரியில் தெரிந்துவிடும். அதோடு, பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிப் பெருமையாக எழுதக் கூச்சம். அதனால் ‘கடின உழைப்பாளி’ என்பதைத் தாண்டி எழுத வராது. மாணவரிடமிருந்து வாங்க வேண்டியது குறிப்புகளை.

முதல் உட்காரல்: அரை மணி நேரம்

மாணவர் கொண்டுவர வேண்டியவை: உதவித்தொகை அறிவிப்பின் பிரதி, தான் எழுதிய கட்டுரையின் வரைவு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பரிந்துரையாளருக்கென்று பல்கலைக்கழகம் கொடுத்துள்ள கேள்விகள் இருந்தால் அவை. முதலில் அறிவிப்பைப் படிக்க வேண்டும். உதவித்தொகை மதிப்பெண்ணுக்கா, குடும்ப வருமானத்துக்கா, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதா? ‘ஆய்வு மனப்பான்மை’, ‘சமூகப் பணி’ என்று எதையாவது குறிப்பாகக் கேட்டிருக்கிறார்களா? கடிதத்தின் நடுப்பகுதி அதைப் பொறுத்து மாறும்.

பிறகு மாணவரிடம் மூன்று கேள்விகள் போதும். இந்த இரண்டு வருடத்தில் உனக்கு வராமல் இருந்து, பிறகு வந்த விஷயம் எது? பள்ளிக்கு வெளியே தினமும் என்ன வேலை இருக்கிறது? உன் வீட்டு நிலைமையில் எதை நான் எழுதலாம், எதை எழுதக் கூடாது? மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அப்பாவின் குடி, பெற்றோர் பிரிந்திருப்பது, அம்மாவின் நோய் எல்லாம் ஆசிரியருக்குப் பெற்றோர் கூட்டத்தில் தெரியவந்திருக்கும். அந்த விஷயங்கள் அந்தப் பிள்ளையுடையவை. அவர் சம்மதிக்காமல் ஒரு வரிகூட வெளியூர்க் குழு ஒன்றின் மேசைக்குப் போகக் கூடாது.

பதிவேடுகளைத் திறப்பது

நினைவிலிருந்து எழுதும் கடிதம் பொதுவாகத்தான் வரும். வகுப்பாசிரியரிடம் இருக்கும் பெரிய சொத்து அவருடைய பதிவேடுகள். வருகைப் பதிவேடு, சிறுதேர்வு மதிப்பெண்கள், காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் பட்டியல்கள், செய்முறை ரெக்கார்டு நோட்டு ஆகிய நான்கையும் மேசையில் விரித்துக்கொண்டு, ஏற்றமோ இறக்கமோ தெரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் ஏதோ நடந்திருக்கும். எழுத வேண்டியது அங்கேதான் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோவோம். வியாசர்பாடிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு, 46 பேர். வகுப்பாசிரியர் இயற்பியல் பாடமும் எடுக்கிறார். மாணவி பி.எஸ்சி. இயற்பியல் படிக்க, கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்த்துக் கொடுக்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார். பதிவேட்டில் தெரிவது: ஆகஸ்டில் 11 நாள் வரவில்லை. இயற்பியலில் காலாண்டில் 58, அரையாண்டில் 81. ரெக்கார்டு நோட்டில் மீட்டர் சமனச்சுற்று சோதனை இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது, முதல் முடிவின் மேல் குறுக்குக் கோடு.

அந்தக் குறுக்குக் கோடுதான் இந்தக் கடிதத்தின் உயிர். என்ன நடந்தது என்று மாணவியிடம் கேட்டு, ஆசிரியரும் நினைவுபடுத்திக்கொள்கிறார். மீட்டர் சமனச்சுற்றில், தெரியாத மின்தடையை ஒரு பக்கம் வைத்து அளந்துவிட்டு, பிறகு இடவலமாக மாற்றி வைத்தும் அளப்பார்கள். இரண்டு விடைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். அன்று இவருடைய குழுவுக்கு வரவில்லை. மற்றவர்கள் சரியான விடை என்னவென்று பக்கத்துக் குழுவிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இவர் வந்ததையே எழுதிவிட்டு, மறுநாள் மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். இடப்பக்கச் செப்புப் பட்டையின் திருகு தளர்ந்திருந்தது. தளர்ந்த இணைப்பு அந்தப் பக்கம் மட்டும் தடையைக் கூட்டும், அதனால்தான் மாற்றி வைத்தபோது விடை விலகியது. திருகை இறுக்கி, மறுபடியும் அளந்து, பழைய முடிவை அழிக்காமல் கோடு போட்டு, கீழே காரணத்தோடு எழுதியிருக்கிறார்.

இயற்பியல் படிக்க வரும் பிள்ளையிடம் ஒரு பல்கலைக்கழகம் இதைவிட என்ன எதிர்பார்க்கும்? ஆனாலும் வழக்கமான கடிதத்தில் இது ‘பாடத்தில் ஆர்வமுள்ளவர்’ என்று இரண்டு சொல்லாகச் சுருங்கிப் போயிருக்கும்.

எழுதும் வரிசை

ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றேகால் பக்கம். விண்ணப்பத்தில் சொல் வரம்பு இருந்தால் அதற்குள் முடிக்க வேண்டும். முதல் பத்தி நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம். நீங்கள் யார், இந்த மாணவரை எந்தப் பொறுப்பில், எத்தனை மாதமாகத் தெரியும், வகுப்பில் எத்தனை பேர், எந்த உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கிறீர்கள். பள்ளியின் வரலாற்றை இங்கே எழுத வேண்டாம்.

இரண்டாம் பத்தி, மேலே கண்டெடுத்த அந்த ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஏழெட்டு வரி கொடுங்கள். எடுத்துக்காட்டு மாணவிக்கு அது இப்படி வரும்:

‘கடந்த அக்டோபரில் மீட்டர் சமனச்சுற்று சோதனையில் இவருடைய குழுவின் இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகவில்லை. சரியான விடை வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், தனக்குக் கிடைத்ததையே ரெக்கார்டில் எழுதினார். மறுநாள் உணவு இடைவேளையில் அனுமதி கேட்டு ஆய்வகத்துக்கு வந்து, இணைப்புகளைச் சோதித்து, ஒரு செப்புப் பட்டையின் திருகு தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். சரிசெய்து மீண்டும் அளந்தார். பழைய முடிவை மறைக்காமல், அது ஏன் தவறானது என்று இரண்டு வரியில் விளக்கி எழுதியுள்ளார். அதன்பின் எங்கள் ஆய்வகத்தில் சோதனை தொடங்கும் முன் திருகுகளைச் சரிபார்ப்பது எல்லாக் குழுக்களுக்கும் வழக்கமாகிவிட்டது.’

கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும். நல்ல நிகழ்ச்சி கிடைத்ததும் அதன் விளைவைக் கொஞ்சம் பெரிதாக்கத் தோன்றும். நேர்காணலில் குழு மாணவியிடமே அதைக் கேட்கும்போது அவர் திணறிவிடுவார்.

மூன்றாம் பத்தி, மதிப்பெண்ணின் இறக்கம். மறைத்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் குழுவின் கையில் மதிப்பெண்கள் இருக்கின்றன. காரணம் சொல்லாத இறக்கத்துக்கு அவர்களே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். மாணவி சம்மதித்த அளவுக்கு எழுதலாம்: ‘ஆகஸ்ட் மாதம் தாயாரின் அறுவை சிகிச்சையின்போது 11 நாள் பள்ளிக்கு வர இயலவில்லை. காலாண்டில் இயற்பியலில் 58 மதிப்பெண் பெற்றார். விடுபட்ட பாடங்களைச் சனிக்கிழமைகளில் கேட்டு முடித்தார். அரையாண்டில் 81 பெற்றார்.’ இரக்கத்தைக் கோரும் சொல் எதுவும் இதில் இல்லை. நாளும் எண்ணும் மட்டும்தான். ‘ஏழ்மையிலும்’, ‘கண்ணீரோடு’ போன்றவை கடிதத்தின் எடையைக் குறைத்துவிடும். வறுமையைக் காட்ட வருமானச் சான்றிதழ் இருக்கிறது. ஆசிரியர் காட்ட வேண்டியது, அந்த நிலைமையில் பிள்ளை என்ன செய்தார் என்பதை.

நான்காம் பத்தி, ஒப்பீடு. இதில் பலர் சறுக்குகிறார்கள். சில பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் படிவத்தில், முதல் 5 சதவீதம், முதல் 10 சதவீதம், சராசரிக்கு மேல், சராசரி என்று கட்டங்கள் இருக்கும். 46 பேர் வகுப்பில் முதல் 5 சதவீதம் என்றால் இரண்டு பேர். முதல் 10 சதவீதம் என்றால் நான்கு, ஐந்து பேர். எல்லாக் கட்டத்திலும் ‘முதல் 5’ என்று டிக் போட்டால் குழு எதையும் நம்பாது. கடிதத்தில் காலாண்டு 58 என்று எழுதிவிட்டு, கட்டத்தில் கல்வித் திறனுக்கு உச்ச மதிப்பு கொடுத்தால் இரண்டும் முட்டும். இந்த மாணவிக்கு, விடாமுயற்சிக்கும் நேர்மைக்கும் ‘முதல் 5’, கல்வித் திறனுக்கு ‘முதல் 10’, மேடைப் பேச்சுக்கு ‘சராசரி’ என்று போடலாம். ஓரிடத்தில் சராசரி என்று எழுதியிருப்பதுதான் மற்ற இடங்களில் எழுதியதை நம்ப வைக்கும்.

ஒரே பல்கலைக்கழகத்துக்கு உங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் விண்ணப்பித்தால், மூன்று கடிதமும் ஒரே குழுவின் முன் வரக்கூடும். மூவரையும் ‘வகுப்பிலேயே சிறந்தவர்’ என்று எழுத முடியாது. ஒவ்வொருவரும் எதில் சிறந்தவர் என்று பிரித்து எழுதுங்கள்.

ஐந்தாவது, இரண்டு வரி முடிவு. எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைக்கிறீர்களா, ஏதாவது நிபந்தனையோடா என்பதும், மேல் விவரத்துக்கு உங்களைத் தொடர்புகொள்ளும் வழியும் போதும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால்

வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கடிதம்தான் கேட்கும். முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்துக்கு மாற்றி, பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் தொடங்கினால் கை தானாக ‘சின்சியர், ஒபீடியன்ட், ஹார்ட் ஒர்க்கிங்’ என்ற பழைய தடத்தில் போய்விடும். அந்த மூன்று சொல்லும் நன்னடத்தைச் சான்றிதழின் மொழி. தமிழில் எழுதினால் ஏற்பார்களா என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

வெளியூர்க்காரருக்கு நம் மதிப்பெண் முறை தெரியாது. மொத்தம் 600, ஒவ்வொரு பாடமும் 100, இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று ஒரு வரியில் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்த மாணவர் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

பெயரும் இனிஷியலும்

நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. இணையதளம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு இருப்பதோ அப்பா பெயரின் முதல் எழுத்து. விண்ணப்பத்தில் அப்பாவின் முழுப் பெயரைக் கடைசியில் போட்டிருப்பார், ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கும், கடிதத்தில் இனிஷியலே இல்லாமல் வகுப்பில் கூப்பிடும் பெயர் இருக்கும். கடிதம் தனியாக வந்து சேரும்போது அதை விண்ணப்பத்தோடு இணைக்க முடியாமல் போகலாம். விண்ணப்பத்தில் எப்படி இருக்கிறதோ அதையே கடிதத்தின் பொருள் வரியில் எழுதி, ‘பள்ளிப் பதிவேட்டில் இவ்வாறு உள்ளது’ என்று மற்ற வடிவத்தையும் சேர்த்து, விண்ணப்ப எண்ணையும் போடுங்கள். ஆங்கில எழுத்துக் கூட்டலைக் காதால் கேட்டு எழுதாமல் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுங்கள்.

கையெழுத்து, முத்திரை, அனுப்புதல்

பள்ளியின் லெட்டர்ஹெட், தேதி, ஆசிரியரின் முழுப் பெயர், பதவி, கையெழுத்து, பள்ளி முத்திரை. தலைமை ஆசிரியரின் மேலொப்பம் வேண்டும் என்று விண்ணப்பம் கேட்காவிட்டாலும், லெட்டர்ஹெட்டைப் பயன்படுத்துவதால் அவரிடம் காட்டிவிடுங்கள். முத்திரை கையெழுத்தை மறைத்துவிடாமல் பக்கத்தில் விழட்டும்.

தபாலில் போகும் ரகசியக் கடிதம் என்றால், உறையை ஒட்டி, ஒட்டிய விளிம்பின் குறுக்கே கையெழுத்தும் முத்திரையும் போட்டு மாணவரிடம் கொடுக்க வேண்டும். ஆன்லைன் என்றால் இரண்டு வகை உண்டு. மாணவரே பதிவேற்றுவது ஒன்று. அதற்குப் போனில் எடுத்த நிழல் விழுந்த படம் வேண்டாம், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி, இணையதளம் சொல்லும் கோப்பு அளவுக்குள் குறைத்துப் போடுங்கள். குறைத்த பிறகு திறந்து, முத்திரை எழுத்து படிக்க வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றது, பல்கலைக்கழகம் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கே இணைப்பு அனுப்புவது. இதில் பாதி தாமதம் ஸ்பேம் பெட்டியில் நடக்கிறது. மாணவர் விண்ணப்பத்தில் ஆசிரியரின் மின்னஞ்சலை நிரப்பும்போது ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். நிரப்பிய அன்றே ‘மிஸ், மெயில் வந்துச்சா?’ என்று கேட்க வேண்டும். மறுநாளும் வரவில்லை என்றால் விண்ணப்பப் பக்கத்தில் மறுபடி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம். இணைப்பு வந்தால் ஆசிரியர்தான் அதை நிரப்ப வேண்டும். அவருடைய கடவுச்சொல்லை வாங்கி மாணவரோ பிரௌசிங் சென்டர்காரரோ நிரப்பினால் அது விண்ணப்பத்தையே ரத்து செய்யக் காரணமாகலாம்.

அனுப்பியதும், கடிதத்தின் ஒரு பிரதியையும் ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்ற திரையின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சில குழுக்கள் சரிபார்க்கப் பள்ளி அலுவலக எண்ணுக்கு அழைப்பதுண்டு. போனை எடுக்கும் எழுத்தர் ‘அப்படி எதுவும் நாங்க தரலையே’ என்று சொல்லிவிடாமல் இருக்க, யாருக்கு, எந்தத் தேதியில் கடிதம் கொடுத்தோம் என்று அவரிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவையுங்கள். மே மாதம் தேர்வு முடிவு வந்தபின் வேறு உதவித்தொகைக்கு அதே மாணவி வரக்கூடும். அப்போது இரண்டாம் பத்தி அப்படியே இருக்கலாம், ஆனால் உதவித்தொகையின் பெயர், தேதி, பொதுத் தேர்வு மதிப்பெண் மூன்றையும் மாற்றிப் புதிதாக அச்செடுத்துப் புதிதாகக் கையெழுத்திட வேண்டும்.